முன்கூட்டியே அறிவித்த சேவை நிறுத்தத்தில் 8,400 பறிபோனது: கார்டு இயந்திரம் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

என் கார்டு இயந்திரத்தின் கட்டணச் சேவைக்கு அனுப்பிய புகாருக்கு இன்று மாலைதான் மூன்றாவது பதில் வந்தது. அதைப் படித்த கையோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

கண்காட்சிகளில் சிறிய அரங்கு எடுத்துப் பழைய புத்தகங்கள் விற்பது என் தொழில். கார்டில் பணம் வாங்க, போனோடு இணையும் சிறிய இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறேன். அதைத் தரும் கட்டணச் சேவையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கண்காட்சிக்கு ஐந்து நாள் முன்பு அவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை இன்றைக்குள் பத்து முறை படித்துவிட்டேன்: "திட்டமிட்ட பராமரிப்பு. ஞாயிறு 02:00 முதல் 04:00 வரை. சில பயனர்களுக்குச் சிறு தாமதம் ஏற்படலாம். தேவைப்பட்டால் ஆஃப்லைன் முறையை இயக்குங்கள். பணம் தானாகவே வந்து சேரும்."

இரண்டு மணி என்றதும் நள்ளிரவு தாண்டிய நேரம் என்றே எடுத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். எல்லா நேரங்களும் உலகப் பொது நேரமான யூ.டி.சி. கணக்கில் என்று மின்னஞ்சலின் அடியில், அவர்களுடைய முகவரிக்கும் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. அந்தக் கணக்கில் இரண்டு மணி என்றால் எனக்குக் காலை பத்து. கண்காட்சியின் கதவு திறக்கும் அதே நேரம்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு முதல் வாடிக்கையாளர் கார்டை நீட்டினார். இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. அவசரமாக அந்த மின்னஞ்சலைத் திறந்து, சொன்னபடி ஆஃப்லைன் முறையை இயக்கினேன். அடுத்த கார்டை வைத்ததும் திரையில் பச்சை நிறத்தில் ஒரு குறி தோன்றியது. வழக்கமாகப் பணம் வந்ததும் தோன்றும் அதே குறி, அதே நிறம், அதே ஒலி. அதை நம்பினேன். புத்தகங்களைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். கண்காட்சி முடிவதற்குள் 37 பேருக்கு, மொத்தம் 11,200க்கு விற்றேன்.

அந்தக் குறிக்கு உண்மையில் என்ன பொருள் என்பதை இழந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். வழக்கமாகக் கார்டை வைத்ததும் சேவை நிறுவனம் கார்டு கொடுத்த வங்கியைக் கேட்கிறது. வங்கி சரி என்ற பிறகே குறி வருகிறது. ஆஃப்லைன் முறையில் யாரையும் கேட்பதில்லை. கார்டின் விவரம் பூட்டப்பட்ட வடிவில் போனுக்குள் ஒரு வரிசையில் சேமிக்கப்படுகிறது, அவ்வளவுதான். இணைப்பு வந்ததும் செயலி அந்த வரிசையை அனுப்பும். அதன் பிறகுதான் வங்கி ஆமென்றோ இல்லையென்றோ சொல்லும். இல்லையென்று சொன்னால் நஷ்டம் விற்றவனுக்கு. பொருளோ ஏற்கெனவே வாசலைத் தாண்டிப் போயிருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டிய பராமரிப்பு முடியவில்லை. அவர்களுடைய நிலவரப் பக்கத்தில் "பணி தொடர்கிறது" என்ற ஒரே வரி நாள் முழுக்க மாறாமல் இருந்தது. புதிய முடிவு நேரம் எதையும் சொல்லவில்லை. மாலை ஏழு மணிக்குச் சேவை திரும்பியதாம். நான் ஆறு மணிக்கே அரங்கைக் காலி செய்து, கடைக்கென்று வைத்திருக்கும் போனை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். தானாகவே வந்து சேரும் என்றுதானே சொல்லியிருந்தார்கள்? செயலி திறந்திருந்தால்தான் வரிசை நகரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குப் போனைத் திறந்தேன். வரிசை நகர ஆரம்பித்தது. முந்தைய நாள் இரண்டு மணிக்கு முன் வாங்கிய 18 கட்டணங்களுக்கு எதிரே "காலாவதி" என்று வந்தது. கார்டை வைத்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் அனுப்பாவிட்டால் செல்லாதாம். அந்த விதி அமைப்புகள் பக்கத்தில், "மேலும் அறிய" என்பதைத் தொட்டால் விரியும் பத்தியில் இருக்கிறது, மின்னஞ்சலில் இல்லை. அதில் போனது 6,500. மீதி 19 கட்டணங்களில் 9 கட்டணங்களை வங்கிகள் மறுத்துவிட்டன, அது 1,900. கைக்கு வந்தது 2,800. ஆக மொத்தம் 8,400 போய்விட்டது.

உதவிப் பிரிவில் முதலில் பேசியவர் சொன்னது: "அறிவிப்பு ஐந்து நாள் முன்பே அனுப்பப்பட்டது." அனுப்பியதை நான் மறுக்கவே இல்லை, அதில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் என் கேள்வி. இரண்டாமவர், வாடிக்கையாளர்களைத் தொடர்புகொண்டு மறுபடியும் பணம் வாங்கச் சொன்னார். கார்டு எண்ணை இயந்திரம் எனக்குக் காட்டுவதே இல்லை, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும். கண்காட்சியில் புத்தகம் வாங்கிப் போன 27 பேரை அதை வைத்து எங்கே தேடுவது? இன்று வந்த மூன்றாவது பதிலில் வருத்தம் தெரிவித்துவிட்டு, ஆஃப்லைன் முறையின் பொறுப்பு வியாபாரியுடையது என்ற விதியை ஒட்டிப் புகாரை முடித்துவிட்டார்கள். 8,400க்கு இரண்டு வரிப் பதில்.

பராமரிப்பு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. எந்தச் சேவையையும் எப்போதாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் அவர்கள் அனுப்பியிருக்க வேண்டியது இதுதான்: "ஞாயிறு, உங்கள் நேரப்படி காலை 10 முதல் 12 வரை கார்டு கட்டணம் எதுவும் நடக்காது. நீண்டால் ஒவ்வொரு மணி நேரமும் தகவல் தருவோம். ஆஃப்லைன் முறையில் வாங்கினால் வங்கி ஒப்புதல் இருக்காது. மறுக்கப்பட்டால் இழப்பு உங்களுடையது. சேவை திரும்பியதும் அதே போனில் செயலியைத் திறந்து, வரிசை காலியாகும் வரை வைத்திருங்கள். 24 மணி நேரம் தாண்டினால் பணம் வராது." ஐந்தாறு வாக்கியம். இதை எழுத அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? "சிறு தாமதம்" என்று எழுதியவருக்குக் கார்டு வேலையே செய்யாது என்பது தெரியாமலா இருந்திருக்கும்? இது எனக்குத் தெரிந்திருந்தால் பணமாக மட்டும் வாங்கியிருப்பேன், இல்லையென்றால் கார்டு நீட்டியவர்களைப் பன்னிரண்டு மணிக்குப் பிறகு வரச் சொல்லியிருப்பேன். அதிகம் போனால் சில விற்பனைகளை இழந்திருப்பேன். இப்போது புத்தகமும் இல்லை, பணமும் இல்லை.

கவனிக்கவும் என்று தலைப்பில் போட்டுவிட்டதால் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பில் நேரம் இருந்தால் எந்த ஊர்க் கணக்கு என்று தேடுங்கள். இல்லையென்றால் எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப்லைன் முறையில் ஒரு கட்டணத்துக்கும் ஒரு நாளுக்கும் உச்சவரம்பு வைக்க இடம் இருந்தால், இழந்தால் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்து வையுங்கள். அந்த முறையில் பணம் வாங்க நேர்ந்தால் வாங்குபவரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வரிசை காலியாகும் வரை செயலியிலிருந்து வெளியேறாதீர்கள், அதை நீக்காதீர்கள், போனை அணைக்காதீர்கள்.

இதே ஞாயிற்றுக்கிழமை ஆஃப்லைனில் வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் இப்போதே உங்கள் வரிசையைத் திறந்து பாருங்கள். காலாவதி என்று வந்திருந்தால் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள். அடுத்த புகாரைத் தனியாக எழுத நான் விரும்பவில்லை.