எச்சரிக்கை: விளம்பரம் போட்டுத் தாறோம்னு 12,000 ரூபாயை வாங்கிட்டாங்க (செங்கோட்டை, தென்காசி பக்கத்து ஆட்கள் கட்டாயம் படிங்க)

கோபத்துலதான் எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. செங்கோட்டையில வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்து பார்க்க 250 ரூபாய் வாங்குற ஆளு. என்கிட்ட இருந்து 12,000 ரூபாய் போயிருக்கு.

வாங்கினது தென்காசியில மாடியில கண்ணாடிக்கதவு போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆபீஸ். பேரை எழுதல, வக்கீல் நோட்டீசுக்கு வேற தனியா அழ முடியாது. விளம்பரம் ஓடினது எல்லாரும் போட்டோ போட்டு லைக் வாங்குற பெரிய சமூக வலைத்தளம் ஒண்ணுல.

பேசினவன் நல்லா பேசினான், அதைச் சொல்லியே ஆகணும். லேப்டாப்பைத் திருப்பி மேப்பைக் காட்டினான். செங்கோட்டையில ஒரு புள்ளி வச்சு, சுத்தி 40 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டான். "இந்த வட்டத்துக்குள்ள இருக்கிற போன்லாம் நம்ம கைக்குள்ள அண்ணாச்சி"ன்னான். பாதி வட்டம் கேரளாவுக்குள்ள கிடக்கேன்னு கேட்டேன். "1956 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்தான அண்ணாச்சி, அந்தப் பக்கமும் நம்ம ஆளுகதான"ன்னு சிரிச்சான். ஊர்க்கதை தெரிஞ்ச பையன், ஏமாத்த மாட்டான்னு அந்த இடத்துலதான் மனசு விழுந்துச்சு. விளம்பரத்துக்கு 9,000, அவங்க கூலி 3,000. ஒரு நாளைக்கு 300 ரூபாய்னு ஒரு மாசம் ஓடும்னாங்க. அங்கேயே ஜிபேல 12,000 அனுப்பினேன்.

விளம்பரம் வந்துச்சு. ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை மெஷின் பக்கத்துல நின்னு சிரிக்கா. கீழே "உங்கள் இல்லத்தின் நம்பிக்கைக்குரிய சேவை". என்ன ரிப்பேர், எந்த ஊரு, எவ்வளவு ரூபாய், ஒண்ணும் கிடையாது. மெஷின்ல தண்ணி வடியாம நிக்கிற வீட்டுக்காரி அதைப் பார்த்து எதுக்குப் போன் பண்ணுவா?

போன் வரலைன்னு இல்ல, வந்துச்சு. புனலூர்ல இருந்து மலையாளத்துல ஒருத்தர். மேப்புல நேர்கோடா அது வட்டத்துக்குள்ளதான் இருக்கு. நான் வண்டியில போகணும்னா புளியரை எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல் தாண்டி, ஆரியங்காவு, தென்மலைன்னு சுமார் 50 கிலோமீட்டர். 250 ரூபாய்க்கு அங்க போய்ட்டு வந்தா பெட்ரோலுக்கே காணாது. வட்டத்துக்கு மலை தெரியாது பாருங்க. அடுத்து ஒரு சென்னைக்காரர், "அம்பத்தூருக்கு வருவீங்களா?"ன்னார். சீசனுக்குக் குற்றாலத்துல குளிக்க வந்திருக்கார். ஒரு இடத்தைக் குறிச்சா அங்க குடியிருக்கிறவங்களுக்கு மட்டுமில்ல, சமீபத்துல அந்தப் பக்கம் வந்துபோன ஆளுக்கும் விளம்பரம் காட்டுமாம் அந்தத் தளம். குற்றாலத்தை உள்ள வச்சு, அதுவும் சாரல் நேரத்துல வட்டம் போட்டா என் காசு அருவிக்கு வந்த கூட்டத்துக்குத்தான் போகும். இதை அவன் சொல்லவே இல்ல.

கேட்கப் போனா முதல்ல "லேர்னிங் ஃபேஸ் அண்ணாச்சி, யாருக்குக் காட்டணும்னு தளம் கத்துக்கிற நேரம், கொஞ்சம் பொறுங்க". அப்புறம் "உங்க தொழிலுக்கு அப்படித்தான் மெதுவா வரும்". அப்புறம் போன் எடுக்கிறதில்ல. நேர்ல போனா "சார் மீட்டிங்ல இருக்காங்க". வாட்ஸ்அப்புல மட்டும் ஸ்க்ரீன்ஷாட் வரும்: ரீச் 61,000, என்கேஜ்மென்ட் 9,400, கூடவே ராக்கெட் படம். எவ்வளவு செலவாச்சுங்கிற கட்டம் மட்டும் எப்பவும் வெட்டியிருக்கும்.

ஒரு நாள் அந்த ஆபீஸ்ல வேலை பார்க்கிற பிள்ளை வெட்டாம முழுசா அனுப்பிடுச்சு. என் தங்கச்சி மகன் இந்த வேலை தெரிஞ்சவன், போனை வாங்கிப் பெருசாக்கிக் காட்டினான். Amount spent ₹3,240. ஸ்டேட்டஸ்ல Completed. ஒரு மாசம் ஓடும்னது பாதியிலேயே முடிஞ்சுபோச்சு. மத்ததுக்கு ஜிஎஸ்டி கணக்கு சொன்னாங்க. சரி, 18 சதவீதமும் அந்த 9,000க்குள்ளயே அடக்கம்னு வச்சாக்கூட சுமார் 7,627 ரூபாய்க்கு விளம்பரம் ஓடியிருக்கணும். அதுல பாதி கூட ஓடல. கூலி 3,000 போக மீதி எங்க போச்சுன்னு கேட்டேன், இன்னைக்கு வரை பதில் இல்ல. 12,000 வாங்கி 3,240க்கு ஓட்டியிருக்காங்க!

அந்த 3,240ம் உருப்படியா ஓடலைங்கிறதுதான் இன்னும் எரியுது. விளம்பரம் போடும்போது உனக்கு என்ன வேணும்னு தளம் முதல்லயே கேட்கும். இவங்க என்கேஜ்மென்ட்டுன்னு பொதுவா விட்டுட்டாங்க. அப்படி விட்டா லைக் தட்டுற பழக்கம் உள்ள ஆட்களாத் தேடித் தேடிக் காட்டும். ஒருத்தன் போட்டோவை அமுக்கிப் பெருசாக்கிப் பார்த்தாலும் அது ஒரு என்கேஜ்மென்ட். 9,400ங்கிறது இந்த மாதிரி விரல் பட்ட கணக்கு. மெஷின் கெட்டுப்போன வீடு அதுல எத்தனைன்னு எவனுக்குத் தெரியும்? மெசேஜ் வரணும்னு தேர்ந்தெடுத்திருந்தா, மெசேஜ் அனுப்புற பழக்கம் உள்ளவங்களைத் தேடியிருக்கும். லைக் மலிவா வரும், மெசேஜுக்குக் காசு கூட ஆகும். ஸ்க்ரீன்ஷாட்டுல பெரிய நம்பர் காட்டணும்னா லைக்குதான லாபம், அதான்.

மருமகன் அதே மேப்பை எடுத்து வேற மாதிரி போட்டுக் காட்டினான். பெரிய வட்டத்தை அழிச்சுட்டு செங்கோட்டை, தென்காசி, வடகரை, கடையநல்லூர்ல தனித்தனியாப் புள்ளி வச்சு நாலஞ்சு கிலோமீட்டர். குற்றாலத்துல ஒரு புள்ளி வச்சு அதை Exclude, அங்க மட்டும் காட்டாதேன்னு. படத்துக்கு என் சொந்தக் கை, கழட்டின டிரெய்ன் பம்பு, அதுல சிக்கியிருந்த ஊக்கும் சில்லறையும். எழுத்து இவ்வளவுதான்: "வாஷிங் மெஷின்ல தண்ணி வடியலையா? வீட்டுக்கு வந்து பார்க்க 250. செங்கோட்டை, தென்காசி, வடகரை, கடையநல்லூர்." ஒரு நாளைக்கு 150 ரூபாய்னு ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போம்ங்கான். ஓடட்டும், பார்க்கலாம்.

யோசனை நிறைய எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல ஓட மாட்டேங்குது. இதை மட்டும் பிடிச்சுக்கோங்க. விளம்பரக் கணக்கு உங்க பேர்ல, உங்க கார்டு இல்ல யுபிஐல இருக்கணும். வேலை செய்றவனுக்கு அனுமதி மட்டும் குடுங்க, அப்பதான் பில்லு உங்களுக்கு வரும். எனக்கு எல்லாமே அவன் கணக்குல ஓடுச்சு. பக்கத்தையும் அவனே ஆரம்பிச்சுட்டான், என் நம்பர் போட்ட பக்கம் இன்னும் அவன் கையிலதான் இருக்கு. ரீச், லைக்குன்னு வெட்டின படம் அனுப்பினா வாங்காதீங்க, செலவான தொகையோட முழுத்திரையைக் கேளுங்க. விளம்பரம் இப்ப ஓடுதா இல்லையான்னு அந்தத் தளத்துலயே யார் வேணும்னாலும் தேடிப் பார்க்கலாம், அதுக்குன்னே தனிப் பக்கம் இருக்கு. ஓடுற விளம்பரம்னா என்னைக்கு ஆரம்பிச்சதுன்னு தேதியோட காட்டும். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் குடுக்காதீங்க.

நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் சொல்லியிருக்கேன். அந்த முழு ஸ்க்ரீன்ஷாட்டும் 12,000 அனுப்பின ஜிபே ரசீதும் பத்திரமா இருக்கு. தென்காசியில வேற யாரும் இதே மாடி ஆபீஸ்ல குடுத்திருந்தா எனக்கு இன்பாக்ஸ்ல வாங்க, சேர்ந்து போவோம்.