‘லோ ஜி.ஐ.’ அரிசியை நம்பி அம்மாவின் சர்க்கரையை நாங்களே ஏற்றிவிட்ட கதை: வாங்கும் முன் படித்துவிடுங்கள்

வீட்டில் சர்க்கரை உள்ளவர்களுக்காக ‘லோ ஜி.ஐ.’, அதாவது ரத்தச் சர்க்கரையைக் குறைவாக ஏற்றும் என்று அச்சடித்த அரிசி வாங்குகிறீர்களா? வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பையில் போட்டிருக்கும் ஜி.ஐ. எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரியாமல் வாங்கினால் எங்கள் வீட்டில் நடந்ததுதான் உங்கள் வீட்டிலும் நடக்கும்.

அம்மாவுக்கு 67 வயது, பதினோரு வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் மாத்திரை, மதியம் பொன்னி புழுங்கல் சாதம், இரவு இரண்டு சப்பாத்தி. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.1-லேயே நின்றுகொண்டிருந்தது. சாதத்தைக் குறைக்கச் சொன்னால் மட்டும் முகம் வாடிவிடும். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் கடையில் இந்த அரிசியைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பையின் முன்பக்கம் பெரிய பச்சை வட்டத்துக்குள் ‘ஜி.ஐ. 52’, கீழே ‘சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது’. கடைக்காரர் ஒரு படி மேலே போய், “சார், இது சர்க்கரையே ஏத்தாது, அம்மாவை வயிறு நிறையச் சாப்பிடச் சொல்லுங்க” என்றார். ஐந்து கிலோ 850 ரூபாய். பொன்னியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், ஆனாலும் யோசிக்காமல் எடுத்துவிட்டேன்.

அம்மா ரொம்ப நாள் கழித்து ஆசையாகச் சாப்பிட்டார். மதியம் ஒரு கரண்டி கூடியது. அப்புறம் இரவுச் சப்பாத்தி நின்றது, “இந்த அரிசிதான் ஒண்ணும் பண்ணாதாமே, எதுக்குடா சப்பாத்தி” என்று இரவும் சாதமே ஆனது. நானும் தடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால் 8.3. டாக்டர் மாத்திரையை ஏற்றி எழுதப் போனவர், பேனாவை வைத்துவிட்டு, “சாப்பாட்டுல என்ன மாத்தினீங்க?” என்று கேட்டார். அரிசியைச் சொன்னோம். “எவ்வளவு சாப்பிடறீங்க அம்மா?” என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை.

அன்று மதியம் சமையலறைத் தராசை எடுத்து வைத்து அம்மாவின் தட்டில் இருந்த சாதத்தை நிறுத்தேன். 420 கிராம், அதாவது ஏறக்குறைய 160 கிராம் அரிசி. முன்பு பொன்னி வடிக்கும்போது அவருக்கென்று அளந்து போட்ட டம்ளரில் 110 கிராம்தான் பிடிக்கும். பிறகு அந்தப் பையைத் திருப்பிப் பின்பக்கம் முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்று போட்டிருந்தது. சாதாரண அரிசியிலும் அவ்வளவுதான் இருக்கும். அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ‘ஒரு வேளை அளவு 50 கிராம்’. முன்பக்கம் வட்டம் போட்டு 52 என்று எழுதியவர்களுக்கு, ஒரு வேளைக்கு 50 கிராம்தான் என்பதை அதே அளவில் எழுத முடியாதா? என்னைப் பொறுத்தவரை ஏமாற்று வேலை அங்கேதான் இருக்கிறது.

ஜி.ஐ., அதாவது கிளைசெமிக் இண்டெக்ஸ் என்பது ஒரு ஒப்பீட்டு எண். கனடாவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் கொண்டுவந்த முறை. ஒருவருக்கு 50 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் அவ்வப்போது ரத்தம் எடுத்து, சர்க்கரை ஏறி இறங்குவதைக் கோடாக வரைகிறார்கள். வேறொரு நாள் அதே ஆளுக்கு, 50 கிராம் மாவுச்சத்து வரும் அளவுக்கு அந்த உணவைக் கொடுத்து இன்னொரு கோடு வரைகிறார்கள். குளுக்கோஸ் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பை 100 என்று வைத்தால் உணவின் பரப்பு எவ்வளவு என்பதுதான் ஜி.ஐ. பத்துப் பேருக்காவது செய்து சராசரி எடுப்பார்கள். 55 வரை குறைவு, 70-உம் அதற்கு மேலும் அதிகம், நடுவில் உள்ளது மிதம்.

இதில் அளவு என்பது முன்கூட்டியே கட்டிப்போடப்பட்டிருக்கிறது, அதைத்தான் நான் கவனிக்கவில்லை. 50 கிராம் மாவுச்சத்துக்கு இந்த அரிசியில் 64 கிராம் போதும், வடித்தால் 170, 180 கிராம் சாதம் வரும். அந்தச் சின்ன அளவுக்குத்தான் 52. நாம் தட்டில் எவ்வளவு போட்டுக்கொள்கிறோம் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

அளவையும் சேர்த்துப் பார்க்க கிளைசெமிக் லோடு என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. சாப்பிடும் மாவுச்சத்தை ஜி.ஐ.யால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் நடந்த ஒரு ஆய்வில் பொன்னிக்கு ஜி.ஐ. ஏறக்குறைய 70 வந்திருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம். பழைய கணக்கில் அம்மா சாப்பிட்டது 110 கிராம் பொன்னி, அதில் மாவுச்சத்து 86 கிராம், லோடு 60. புதுக் கணக்கில் 160 கிராம் அரிசி, மாவுச்சத்து 125 கிராம், 52-ஆல் பெருக்கினால் லோடு 65. விலை இரண்டு மடங்கு கொடுத்து, மதியச் சாப்பாட்டைப் பழையதைவிட மோசமாக்கியிருக்கிறோம். அதே 110 கிராமோடு நிறுத்தியிருந்தால் லோடு 45-தான் வந்திருக்கும். அரிசி உண்மையிலேயே கொஞ்சம் உதவியிருக்கும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இரவு நடந்தது அதைவிடப் பெரிது. இரண்டு சப்பாத்தியில் 40 கிராம் மாவுச்சத்து இருந்த இடத்தில் இன்னொரு தட்டுச் சாதம் வந்து உட்கார்ந்துவிட்டது.

கம்பெனிக்குப் போன் செய்து பரிசோதனை அறிக்கையைக் கேட்டேன். நான்கு தடவை கேட்ட பிறகு ஒரு பக்கம் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தது. அதைப் படித்தபோதுதான் கோபம் அதிகமானது. சாப்பிட்டுப் பார்த்த பத்துப் பேரும் 22-இலிருந்து 40 வயதுக்குள், சர்க்கரை இல்லாதவர்கள். இது தப்பில்லை, ஜி.ஐ. பரிசோதனை வழக்கமாக ஆரோக்கியமானவர்களை வைத்துத்தான் செய்வார்கள். ஆனால் இன்சுலின் ஒழுங்காகச் சுரக்கிற முப்பது வயதுக்காரர் உடம்பில் வந்த கோட்டை வைத்து, பதினோரு வருடச் சர்க்கரைக்காரரிடம் ‘ஏத்தாது’ என்று சொல்ல யார் இவர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள்? குளுக்கோஸோடு ஒப்பிட்டால் குறைவாக ஏறும் என்பது மட்டும்தான் அந்த எண்ணின் பேச்சு. எவ்வளவு உயரம் போகும் என்பது அவரவர் உடம்பையும் அளவையும் பொறுத்தது. இன்னொன்று, அறிக்கையில் இருந்தது 52 மட்டும் இல்லை, கூட்டல் கழித்தல் 5 என்றும் இருந்தது. அப்படியானால் உண்மையான எண் 57 ஆகக்கூட இருக்கலாம், ‘குறைவு’ என்ற கோட்டுக்கு அந்தப் பக்கம். அட்டையில் அந்த 5-ஐக் காணோம்.

சமைத்த விதமும் அறிக்கையில் இருந்தது: திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, கஞ்சி வடித்து, சூடாகக் கொடுத்தது. எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பல் சரியில்லை என்று குக்கரில் ஐந்து விசில் விட்டுக் குழைய எடுப்போம். அரிசி எவ்வளவு குழைகிறதோ அவ்வளவு சீக்கிரம் அதன் மாவு செரித்து ரத்தத்துக்குப் போகும். ‘லோ ஜி.ஐ.’ அரிசிகளில் பலவும் அமைலோஸ் என்ற வகை மாவுச்சத்து அதிகம் உள்ள ரகங்கள். அதனால்தான் சாதம் உதிரியாக, கொஞ்சம் கெட்டியாக வரும். அந்தக் கெட்டித்தன்மைதான் நாம் காசு கொடுத்து வாங்குவது, அதைக் குக்கரில் வைத்து நாமே கரைத்துவிடுகிறோம். மாவாக அரைத்து இட்லிக்கு ஊற்றினால் அது வேறு உணவு, 52 என்பது அந்த இட்லிக்குப் பொருந்தாது. அம்மா அதையும் செய்துகொண்டிருந்தார்.

அப்புறம் டாக்டரிடம் சொல்லிவிட்டு வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்தோம். மூன்று நாள், அதே நேரம், அதே சாம்பார், மாத்திரையில் மாற்றம் இல்லை. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து கணக்கு. முதல் நாள் 64 கிராம் பொன்னி: சாப்பிடும் முன் 131, ஒரு மணி நேரத்தில் 224, இரண்டு மணி நேரத்தில் 192. அடுத்த நாள் அதே 64 கிராம் புது அரிசி, வடித்தது: 128, 205, 186. மூன்றாம் நாள் அம்மா வழக்கமாகச் சாப்பிட்ட 160 கிராம், குக்கரில்: 126, 238, 261.

முதல் இரண்டு நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பாதீர்கள். வீட்டு மீட்டருக்கு 15 சதவீதம் வரை முன்பின் காட்ட இடம் உண்டு, 205 என்றால் 30 புள்ளி அங்கேயே போய்விடும். ஒரு நாள் பார்த்ததை வைத்து எந்த அரிசி நல்லது என்று முடிவு கட்ட முடியாது. மூன்றாம் நாள் அப்படி இல்லை. இரண்டு மணி நேரம் ஆகியும் இறங்கத் தொடங்கவில்லை, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த 261-ஐப் பார்த்து அம்மா, “அப்போ தினமும் இப்படியாடா இருந்துச்சு?” என்று கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இதே பச்சை வட்டம் இப்போது பிஸ்கட்டிலும் வருகிறது. அதில் இன்னும் கவனம் தேவை. கொழுப்பு சேர்த்தால் வயிறு மெதுவாகக் காலியாகும், அதனால் ஜி.ஐ. குறையும். வெறும் பாமாயிலை ஊற்றியே அந்த எண்ணைக் கீழே கொண்டுவர முடியும். எண்ணைப் பார்ப்பதற்கு முன் பொருட்களின் பட்டியலைப் பாருங்கள்.

அரிசியைத் தூக்கிப் போடவில்லை. அம்மாவின் டம்ளரில் 64 கிராம் வரும் இடத்தில் நகப்பாலிஷால் கோடு போட்டிருக்கிறோம். திறந்த பாத்திரத்தில் வடிக்கிறோம், மதியம் மட்டும், கூடவே இரண்டு கரண்டி பொரியலும் ஒரு கிண்ணம் பருப்பும். இரவு சப்பாத்தி திரும்பி வந்துவிட்டது. மாத்திரையை ஏற்றாமல் மூன்று மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வாரம் அந்தக் கடைக்குப் போய் அறிக்கையைக் காட்டி, “இனிமேல் வயிறு நிறையச் சாப்பிடலாம்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று கேட்டுக்கொண்டேன். சரி சார் என்றார். நான் வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அடுத்தவரிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.