ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டுவதா, இழுத்துப் போடுவதா: கணினியில் வாட்ஸ்அப்பும் டெலிகிராமும்

விண்டோஸில் Win+Shift+S அழுத்தி, தேவையான பகுதியைச் சுற்றி இழுத்துவிட்டு, சாட்டில் வந்து Ctrl+V அடித்தால் படம் ஏறிவிடும். இதுவரை இரண்டு செயலிக்கும் வித்தியாசமே இல்லை, அனுப்பிய படம் எதிர்முனையில் எப்படித் தெரிகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ஒரு எக்செல் தாளை எடுத்துக்கொள்வோம். திரை 2560 பிக்சல் அகலம், எண்கள் பொடி எழுத்தில் இருக்கின்றன. அதைப் புகைப்படமாக அனுப்பும்போது செயலி படத்தைச் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும். அகலம் பாதியானால் 12 பிக்சல் உயரத்தில் இருந்த எழுத்து 6 பிக்சலுக்கு வந்துவிடும், அப்புறம் 3 எது 8 எது என்று பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியாது. இயற்கைக் காட்சியில் இந்த இழப்பு கண்ணுக்குப் படாது, எழுத்தின் ஓரங்களில் உடனே தெரியும்.

டெலிகிராமில் இதற்கு வழி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஒட்டியதும் வரும் பெட்டியில் படத்தைச் சுருக்குவதற்கான டிக்கை எடுத்துவிட்டால் படம் அப்படியே ஃபைலாகப் போகும். இழுத்துப் போடுவது இன்னும் நல்லது, ஏனென்றால் படத்தைச் சாட்டின் மேல் கொண்டுவந்ததும் திரை இரண்டு கட்டமாகப் பிரிந்து, சுருக்காமல் அனுப்ப ஒன்று, சட்டென்று அனுப்ப ஒன்று என்று கேட்கிறது. மறக்கவே முடியாத இடத்தில் கேள்வியை வைத்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

வாட்ஸ்அப்பில் ஒட்டினாலும் இழுத்துப் போட்டாலும் படம் புகைப்படமாகத்தான் போகும். முன்னோட்டத்தில் HD பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள், ஓரளவு மேம்படும், ஆனாலும் அசல் அல்ல. அசலே வேண்டுமென்றால் ஸ்கிரீன்ஷாட்டை முதலில் ஃபைலாகச் சேமித்து, இணைப்புப் பொத்தானில் Document வழியாக அனுப்ப வேண்டும். கூடுதலாக நாலு கிளிக், அவசரத்தில் யாரும் செய்யமாட்டார்கள்.

விசைகளிலும் டெலிகிராம்தான் முன்னால். எழுதும் பெட்டி காலியாக இருக்கும்போது மேல் அம்பு அழுத்தினால் கடைசியாக அனுப்பியதைத் திருத்தலாம், Ctrl+மேல் அம்பு முந்தைய செய்திக்குப் பதில் எழுத, Ctrl+0 சேமித்த செய்திகளுக்கு. திருத்துவதற்கு 48 மணி நேரம் தருகிறது, வாட்ஸ்அப் 15 நிமிடம். புதிய வரிக்கு இரண்டிலும் Shift+Enter.

இழுத்துப் போடும்போது தடை வட்டம் மட்டும் தெரிந்து ஃபைல் விழவே இல்லையா? செயலியை நிர்வாகி அனுமதியோடு திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படித் திறந்த சாளரத்துக்குள் சாதாரண ஃபோல்டரிலிருந்து இழுத்துவர விண்டோஸ் விடாது. மூடிவிட்டு வழக்கம்போலத் திறந்தால் சரியாகிவிடும்.

அலுவலகம், குடும்பம் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது டெலிகிராமுக்கு மாறச் சொல்வதில் அர்த்தமில்லை. எண்களும் பிழைச்செய்திகளும் உள்ள படங்களை மட்டும் Document ஆக அனுப்புங்கள், முகங்களும் பூக்களும் ஒட்டியபடியே போகட்டும்.