10 மீட்டரில் ஜீரோவா, 25 மீட்டரிலா? ஏர் ரைபிள் ஸ்கோப்பில் நான் மாற்றிக்கொண்ட ஒரு பழக்கம்

என்னிடம் இருப்பது .177 ஸ்பிரிங் ஏர் ரைபிள், குழலை மடக்கிப் பெல்லட் போடும் ரகம். மேலே 3-9x40 ஸ்கோப். வாங்கிய முதல் மூன்று மாதம் வீட்டு மாடியில் 10 மீட்டரில் ஜீரோ செய்து, அதாவது பார்க்கும் குறியிலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து, சுட்டேன். இப்போது தென்னந்தோப்பில் 25 மீட்டரில் ஜீரோ செய்கிறேன். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஸ்கோப் மாட்டிய ஏர் ரைபிளுக்கு 25 மீட்டர்தான் சரி. 10 மீட்டருக்கு ஒரே ஒரு நல்ல பயன் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

10 மீட்டர் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். கிளப்புகளில் ஏர் ரைபிள் போட்டித் தூரம் அதுதான். ஆனால் அந்தப் போட்டியில் ஸ்கோப் கிடையாது. சிறு துளை வழியாகப் பார்க்கும் சைட் வைத்து, எப்போதும் ஒரே தூரத்தில் சுடுவார்கள். தூரம் மாறவே மாறாது என்றால் எங்கே ஜீரோ செய்வது என்ற கேள்வியே எழாது. நாம் ஸ்கோப் மாட்டுவதே 15, 25, 35 என்று பல தூரங்களில் வைத்த தாள்களைச் சுடத்தான்.

இனி விஷயம். ஸ்கோப்பின் நடுக்கோடு குழலின் நடுக்கோட்டுக்கு மேலே இருக்கிறது. என் ரைபிளில் 45 மி.மீ. அதாவது பெல்லட் கிளம்பும்போதே நம் பார்வைக் கோட்டுக்கு 45 மி.மீ. கீழே இருக்கிறது. குழல் லேசாக மேல்நோக்கி இருப்பதால் அது ஏறி வந்து பார்வைக் கோட்டை ஒருமுறை வெட்டும். கொஞ்ச தூரம் மேலே போய், இறங்கும்போது இன்னொரு முறை வெட்டும். ஜீரோ என்பது இந்த இரண்டு சந்திப்புகளில் ஒன்றை நாம் விரும்பும் தூரத்தில் அமைப்பது. 10 மீட்டரில் ஜீரோ செய்கிறவர் ஏறும்போது வரும் முதல் சந்திப்பைப் பிடிக்கிறார். 25 மீட்டர்காரர் இறங்கும்போது வரும் இரண்டாவதைப் பிடிக்கிறார். என் முடிவு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

8.4 கிரெய்ன் எடையுள்ள பெல்லட், நொடிக்கு 240 மீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டு, அப்புறம் தாளில் சரிபார்த்துக்கொண்டேன். 10 மீட்டரில் ஜீரோ செய்தால் பெல்லட் கோட்டை வெட்டி ஏறிக்கொண்டே போகிறது. 20 மீட்டரில் 26 மி.மீ. மேலே, 25 முதல் 30 மீட்டர் வரை ஏறக்குறைய 31 மி.மீ. மேலே. திரும்ப இறங்கி வந்து கோட்டைத் தொடுவது 43 மீட்டர் வாக்கில். ஆக, நான் அதிகம் சுடும் தூரங்களில் எல்லாம் குறிக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே பார்த்துச் சுட வேண்டும். 25 மீட்டரில் ஜீரோ செய்தால் முதல் சந்திப்பு 18 மீட்டரில், இரண்டாவது 25-ல். நடுவில் பெல்லட் மேலே போவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். 13 மீட்டர் முதல் 30 மீட்டர் வரை எங்கே வைத்தாலும் 7 மி.மீ.-க்குள் விழுகிறது. என் ரைபிள் 25 மீட்டரில் போடும் ஐந்து குண்டுக் கூட்டமே 15 மி.மீ. அகலம். அதனால் அந்த 7 மி.மீ. எனக்கு ஒரு பொருட்டில்லை. உங்கள் பெல்லட்டும் வேகமும் ஸ்கோப் உயரமும் வேறாக இருந்தால் எண்கள் மாறும், பாதையின் வடிவம் மாறாது.

இதைவிடத் தொல்லையான ஒன்றும் இருக்கிறது. 10 மீட்டரில் பெல்லட் இன்னும் செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கிறது, ஒரு மீட்டருக்கு மூன்றரை மி.மீ. வீதம். நான் மாடியில் காலடி வைத்து அளந்த '10 மீட்டர்' உண்மையில் 9 மீட்டர். அந்த ஒரு மீட்டர் பிசகிலேயே என் ஜீரோ மூன்றரை மி.மீ. தவறு. 10 மீட்டரில் எல்லாக் குண்டும் ஒரே ஓட்டையில் போவதுபோல் தெரிவதால் கண்ணுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் அங்கே 2 மி.மீ. வலப்பக்கம் தள்ளியிருப்பது 25 மீட்டரில் 5 மி.மீ., 40 மீட்டரில் 8 மி.மீ. கிட்டத்தில் சுடும்போது கோணப் பிழை ஒளிந்துகொள்கிறது, எட்டப் போகும்போது வெளியே வருகிறது.

கிளிக் கணக்கும் இங்கேதான் உறைக்கும். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு, அதுதான் மினிட் ஆஃப் ஆங்கிள், சுருக்கமாக எம்.ஓ.ஏ. அது ஒரு கோணம், நீளம் அல்ல. 100 மீட்டரில் அது 29 மி.மீ. விரியும், 25 மீட்டரில் கால்வாசி, 7.3 மி.மீ. 10 மீட்டரில் 2.9 மட்டும். ஸ்கோப்பைச் சரிசெய்யத் திருகும் குமிழ்தான் டரட், என்னுடையதில் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ., ஆக 25 மீட்டரில் ஒரு கிளிக்குக்குப் பெல்லட் நகர்வது 1.8 மி.மீ. 10 மீட்டரில் 0.7 மி.மீ. பெல்லட்டே 4.5 மி.மீ. தடிமன், அது போட்ட ஓட்டையில் முக்கால் மில்லிமீட்டர் மாற்றத்தை யார் பார்த்துச் சொல்வது? 'பெட்டியில் கால் இன்ச் என்று போட்டிருக்கிறது, என் ஸ்கோப் அவ்வளவு நகரவே இல்லை' என்று தோப்புக்கு வரும் ஒரு தம்பி புலம்பினான். அந்தக் கால் இன்ச் 100 கெஜத்துக்கான கணக்கு. அவன் 10 மீட்டரில் நின்றுகொண்டு எதிர்பார்த்தால் எப்படிக் கிடைக்கும்?

போன மாதம் ஸ்கோப்பைக் கழற்றி மாட்டியபோது செய்ததை அப்படியே சொல்கிறேன். டேப் வைத்து 25 மீட்டர் அளந்தேன். தாளுக்குப் பின்னால் மணல் நிரப்பிய மரப்பெட்டி, அதற்கும் பின்னால் மண்மேடு. மூட்டை மேல் முன்கட்டையைத் தளர்வாக வைத்து ஐந்து குண்டு. முதல் குண்டைப் பார்த்ததும் டரட்டைத் திருகும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும், ஒரு குண்டு எதையும் சொல்லாது. ஐந்தின் நடுவைக் கண்ணளவில் பிடித்தேன்: குறிக்கு 36 மி.மீ. கீழே, 22 மி.மீ. வலப்பக்கம். 36-ஐ 1.8-ஆல் வகுத்தால் 20 கிளிக் மேலே. 22-க்கு 12 கிளிக் இடப்பக்கம். டரட்டின் அம்புக்குறி காட்டுவது பெல்லட் போகும் திசை, அதனால் குழப்பம் இல்லை. திருகிய பிறகு இரண்டு குண்டைச் சும்மா மண்மேட்டில் சுட்டேன், ஸ்கோப்புக்கு உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அந்த அதிர்வில்தான் சரியாக உட்காரும். அடுத்த ஐந்தின் நடு 4 மி.மீ. கீழே. இன்னும் 2 கிளிக். மூன்றாவது தாளில் கூட்டம் குறியைச் சுற்றி விழுந்தது. மொத்தம் பதினேழு குண்டு, அரை மணி நேரம்.

சரி, 25-ல் ஜீரோ ஆயிற்று. 40 மீட்டரில் பெல்லட் 39 மி.மீ. கீழே விழும். அதற்கு இரண்டு வழி. டரட்டைத் திருகலாம்: 40 மீட்டரில் ஒரு எம்.ஓ.ஏ. 11.6 மி.மீ., ஆக 3.4 எம்.ஓ.ஏ., ஏறக்குறைய 13 கிளிக். அல்லது டரட்டைத் தொடாமல், குறிக்கு மேலே பார்த்துச் சுடலாம். ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடான கிராஸ்ஹேரில் மில் புள்ளிகள் இருந்தால் 'மேலே' என்பதற்கு ஓர் அளவு கிடைக்கிறது. ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 40 மீட்டரில் 40 மி.மீ. அதாவது நடுவுக்குக் கீழே இருக்கும் முதல் புள்ளியைக் குறியில் வைத்தால் போதும்.

எனக்கு இந்த இரண்டாவது வழிதான். நடுத்தர விலை ஸ்கோப்பில் 13 கிளிக் மேலே போய் 13 கிளிக் கீழே வந்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. சோதித்துப் பார்த்தேன்: 20 ஏற்றி 20 இறக்கினால் 25 மீட்டரில் கூட்டம் 5, 6 மி.மீ. தள்ளி விழுந்தது. விலை கூடிய ஸ்கோப்பில் இது நடக்காமல் இருக்கலாம். நான் நீண்ட நாள் வைத்திருந்தது இது ஒன்றுதான், அதனால் திருகுவதே தவறு என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

புள்ளியை நம்புகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. இந்த வகை ஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றில் ஜூம் மாற்றினால் குறி பெரிதாகும், புள்ளிகள் அப்படியே இருக்கும். என் ஸ்கோப்பில் 9x-ல்தான் ஒரு புள்ளி ஒரு மில். பாதியாக, 4.5x-ல் வைத்தால் அதே இடைவெளி இரண்டு மில் ஆகிவிடுகிறது. ஒரு நாள் வெளிச்சம் குறைந்தது என்று ஜூமைக் குறைத்துவிட்டு, 40 மீட்டரில் நான்கு சென்டிமீட்டர் மேலே மேலே சுட்டுக்கொண்டிருந்தேன். காரணம் பிடிபட ஒரு டப்பா பெல்லட் போயிற்று.

ஸ்பிரிங் ரைபிளுக்கே உரிய வியாதி ஒன்று உண்டு. பிஸ்டன் முன்னால் போய் முட்டும்போது ரைபிள் முன்னும் பின்னும் உதைக்கிறது, ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்ட் மெல்ல மெல்லப் பின்னால் நகர்கிறது. ஜீரோ ஒரே திசையில் நாளுக்கு நாள் தள்ளிப் போனால் டரட்டைத் திருகாதீர்கள். மவுண்டுக்கு முன்னால், ரைபிள் மேல் அது பொருந்தியிருக்கும் தண்டவாளத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு இருபது குண்டு சுடுங்கள். கோட்டுக்கும் மவுண்டுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் குற்றவாளி அதுதான். தடுப்பு ஆணி உள்ள மவுண்ட் போட்ட பிறகு எனக்கு நின்றது.

10 மீட்டரின் நல்ல பயன் என்றேனே, அது இதுதான். புதிதாக மாட்டிய ஸ்கோப்பை நேரே 25-ல் வைத்துச் சுட்டால் குண்டு தாளிலேயே விழாமல் போகலாம். 10 மீட்டரில் தொடங்குங்கள், ஆனால் குறியிலேயே விழவைக்க முயலாதீர்கள். என் ரைபிளில் 25-ல் ஜீரோவானால் 10-ல் 12 மி.மீ. கீழே விழும். அதனால் 10 மீட்டர் தாளில் குறிக்கு 12 மி.மீ. கீழே ஒரு புள்ளி வைத்து, குறியைப் பார்த்துச் சுட்டுக் கூட்டத்தை அந்தப் புள்ளிக்குக் கொண்டுவருகிறேன். பிறகு தோப்புக்குப் போனால் நாலைந்து கிளிக் வேலைதான் மிச்சம். மாடியைத் தவிர வேறு இடமே இல்லாதவர்களுக்கும் இதுவே வழி.

10 மீட்டரில் 12 மி.மீ. என்பது 1.2 மில். 40 மீட்டரில் 39 மி.மீ. என்பது ஏறக்குறைய 1 மில். மிகக் கிட்டத்துக்கும் மிக எட்டத்துக்கும் அதே கீழ்ப் புள்ளிதான். அதனால் என் ரைபிள் கட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டில் நான்கே வரி:

10 – ஒரு புள்ளி, கொஞ்சம் கூட
15 முதல் 30 – நேராக
35 – அரைப் புள்ளி
40 – ஒரு புள்ளி