சின்னம்மை என்று சொல்வதா, "உடம்பு சரியில்லை" என்று நிறுத்துவதா?

சென்ற மாதம் 14ஆம் தேதி காலையில் முதுகெல்லாம் கொப்புளம். சின்னம்மைதான் என்றார் டாக்டர். அலுவலகத்துக்கு என்ன எழுதி அனுப்புவது என்பதில்தான் தயங்கினேன்.

"உடம்பு சரியில்லை, ஒரு வாரம் லீவு" என்பது ஒரு வழி. நம் நோய் நம்மோடு இருக்கும், யாரும் பதற மாட்டார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு அதுவே போதும்.

நான் நோயின் பெயரைச் சொன்னேன். காரணம் ஒன்றுதான். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை பரவத் தொடங்கிவிடும். 12, 13 தேதிகளில் சக ஊழியர்களோடு மூடிய அறையில் உட்கார்ந்திருந்தேன். இனி நான் வீட்டில் இருப்பது அந்த இரண்டு நாளை அழித்துவிடாது. அவர்களுக்குத் தேவை தகவல். முன்பே அம்மை வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தி இல்லாத கர்ப்பிணிக்கு இது ஆபத்தாகலாம். எதிர்ப்புச் சக்தி உண்டா என்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் டாக்டர் தரும், நோய் எதிர்ப்புப் பொருள் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசியை, தொற்றுக்கு ஆளான 10 நாளுக்குள் போட வேண்டும். மழுப்பலான செய்தி அந்த நாட்களைத் தின்றுவிடும்.

நான் அனுப்பியது: "எனக்குச் சின்னம்மை. 12, 13இல் உங்களோடு இருந்தேன். அம்மை வராதவர்கள், தடுப்பூசி போடாதவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் இன்றே டாக்டரிடம் கேளுங்கள். யாருக்காவது 10 முதல் 21 நாளுக்குள் கொப்புளம் தெரிந்தால் வீட்டிலேயே இருங்கள்."

ஒரு தோழி தனியாக அழைத்தார். கர்ப்பமாக இருப்பதை அவர் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சிலருக்கு மட்டும் சொல்லலாம் என்று நான் நினைத்திருந்தால், அவர் பெயர் என் பட்டியலில் இருந்திருக்காது. பரிசோதனையில் அவருக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பது தெரிந்தது. அன்றுதான் எனக்கு நிம்மதி.

வேலையைப் பற்றி முதலில் "வீட்டிலிருந்தே பார்க்கிறேன்" என்று எழுதி, பிறகு அழித்தேன். காய்ச்சலில் அது நடக்காது, என்னை நம்பிக் காத்திருப்பவர்களுக்குத்தான் சிரமம். மாதக் கணக்கை ஒருவரிடமும், பதில் போகாத இரண்டு கடிதங்களை இன்னொருவரிடமும் ஒப்படைத்தேன். மற்றவை நான் வரும்வரை காத்திருக்கும் என்று எழுதினேன். திரும்பும் தேதியையும் குறிக்கவில்லை. "எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியதும்" என்றேன். வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள் ஆகும் என்றார்கள், எனக்கு எட்டு நாள் ஆனது. தேதி கொடுத்திருந்தால் காயாத கொப்புளத்தோடு போயிருப்பேன்.

காசநோய் போல, பெயரைக் கேட்டாலே ஆட்கள் ஒதுங்கும் நோய்க்கு இதே வழி சரிவருமா என்பதில் எனக்கு அனுபவமில்லை. நோயாளி விரும்பாவிட்டால், அவர் பெயரை விட்டுவிட்டு நோயையும் தேதிகளையும் மட்டும் மேலாளர் அறிவிக்கலாம். ஆனால் ஆறு பேர் உள்ள அறையில், காலி நாற்காலியைப் பார்த்தே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.