இட்லி மாவா, டால்கோனா காபியா?

யூடியூபில் எப்போதும் தேடப்படும் வீடியோ, அப்போதைக்கு டிரெண்டாகும் வீடியோ, இரண்டுக்கும் எப்படித் தலைப்பு வைப்பது, எதை அதிகம் போடுவது என்று கேட்டீர்கள். உங்களுடையது சமையல் சேனல்தானே? "இட்லி மாவு புளிக்கவில்லையா?" என்பதைக் குளிர்காலம் வந்தாலே யாராவது தேடுவார்கள், அதனால் தலைப்பில் ஆண்டைப் போடாதீர்கள், மக்கள் தேடும் சொற்களையே முதலில் வையுங்கள், நீளமான தலைப்பின் பின்பாதி மொபைலில் வெட்டுப்பட்டுவிடும்.

2020 ஊரடங்கில் டிரெண்டாக ஓடிய, இன்ஸ்டன்ட் காபியை நுரை வர அடித்துச் செய்யும் டால்கோனா காபி வேறு ரகம். அங்கே பெயர்தான் எல்லாம், அன்றே போட்டால்தான் உண்டு. அலை ஓய்ந்ததும் அந்தப் பெயரைத் தேட ஆள் குறைந்துவிடும். அப்புறம் தலைப்பை "இன்ஸ்டன்ட் காபியில் நுரை வரவில்லையா?" என்று மாற்றிப் பாருங்கள், வீடியோவில் அதற்குப் பதில் இருந்தால் மட்டும்.

என்னைக் கேட்டால் வீடியோக்களில் பெரும்பங்கு இட்லி மாவு மாதிரியானவற்றுக்குத்தான். ஸ்டூடியோவில் டிராஃபிக் சோர்ஸைத் திறந்து, மாதங்கள் கழித்தும் யூடியூப் தேடல் வழியாக ஆள் வருகிறார்களா என்று பாருங்கள்.