விளக்கு அணைந்ததும் கேக்கை வைப்பதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா?

30 லிட்டர் ஓடிஜி, ஏழு அங்குல டின்னில் சாதா வெனிலா ஸ்பாஞ்ச், 180 டிகிரி, 35 நிமிடம். வீட்டில் கேக் செய்பவர்கள் பலருக்கும் பழக்கமான கணக்கு இது. இதை வைத்தே பார்ப்போம்.

முதல் வழி, ஹீட்டர் விளக்கு அணைந்ததுமே டின்னை உள்ளே வைத்துவிடுவது. சின்ன ஓவனில் எட்டு, பத்து நிமிடத்தில் விளக்கு அணைந்துவிடும். இரண்டாவது வழி, அணைந்த பிறகும் இன்னொரு பத்துப் பதினைந்து நிமிடம் காலியாக ஓடவிடுவது. கதவைத் திறக்காத வரை இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. உள்ளே ஓவன் தெர்மாமீட்டர் வைத்தால் இரண்டிலும் முள் 180-ஐ ஒட்டியே நிற்கும்.

கதவைத் திறந்ததும்தான் குட்டு வெளிப்படும். விளக்கு அணையும்போது சூடாகியிருப்பது பெரும்பாலும் காற்றும் தெர்மோஸ்டாட்டைச் சுற்றியுள்ள பகுதியும்தான். 30 லிட்டர் காற்று 180 டிகிரியில் 25 கிராம்கூட எடை இருக்காது. அதில் என்ன பெரிய சூடு தங்கிவிடும்? சுவர்த் தகடு, கம்பித் தட்டு, கதவுக் கண்ணாடி எல்லாம் சேர்ந்து சில கிலோ இருக்கும். சூட்டைச் சேர்த்து வைப்பது அவைதான், அவை சூடேற நேரம் பிடிக்கும். கதவைத் திறந்தால் சூடான காற்று மேல்பக்கமாக வெளியே போய், கீழ்பக்கமாகக் குளிர்ந்த காற்று நுழையும். டின்னை வைத்து மூடுவதற்குள் காற்றின் சூடு 40, 50 டிகிரி இறங்கிவிடுவது சகஜம். (தெர்மாமீட்டர் முள் மெதுவாக நகர்வதால் இதில் பாதியைத்தான் காட்டும்.) சுவர்கள் நன்றாகக் காய்ந்திருந்தால் புதிதாக வந்த காற்றைச் சீக்கிரம் தூக்கிவிடும். இல்லையென்றால் எல்லாச் சுமையும் காயில் தலையில்தான்.

முதல் வழியின் உண்மையான கெடுதல் அங்கேதான். சூடு இறங்கியதைப் பார்த்ததும் தெர்மோஸ்டாட் காயில்களை முழுவீச்சில் எரியவிடும். செக்கச்செவேலென்ற மேல் காயில் கேக்கின் மேல்பரப்பை நேரடியாகச் சுடும். நடுமாவு இன்னும் பச்சையாக இருக்கும்போதே மேலே தோல் கட்டி நிறம் ஏறிவிடும், பிறகு உள்ளே இருப்பது பொங்கும்போது அந்தத் தோலைப் பிளந்துகொண்டு வரும். மேலே வெடிப்பு, நடுவில் ஈரம் என்றால் பேக்கிங் பவுடரைச் சந்தேகிக்கும் முன் ப்ரீஹீட்டைப் பாருங்கள்.

பொறுமை இல்லாதவர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. 200-ல் ப்ரீஹீட் செய்து, டின்னை வைத்து மூடியதும் 180-க்குக் குறைப்பது. இது ஏமாற்று வேலை இல்லை, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் குறைக்க மறந்தால் கேக் போச்சு. கூடுதலாகப் பத்து நிமிடம் விடுவதில் அந்த ஆபத்து இல்லை. 1500 வாட் ஓவன் விடாமல் எரிந்தால்கூடப் பத்து நிமிடத்துக்குக் கால் யூனிட்தான் ஆகும், நடுநடுவே அணைவதால் அதைவிடக் குறையும். அதனால் என் ஓட்டு இரண்டாவது வழிக்கே.

சரி, நடுவில் திறந்து பார்ப்பது? எப்போது திறக்கிறோம் என்பதுதான் கேள்வி. பதினைந்தாவது நிமிடத்தில் கேக் உப்பியிருக்கும், ஆனால் கெட்டிப்பட்டிருக்காது. அதைத் தூக்கிப் பிடித்திருப்பது சூட்டில் விரிந்த காற்றும் நீராவியும்தான். முட்டையும் மாவும் வெந்து சுவராக நிற்க இன்னும் நேரம் வேண்டும். அப்போது கதவைத் திறந்தால் குமிழ்கள் சுருங்கி நடுப்பகுதி அமுங்கும். மறுபடி சூடேறினாலும் அது முழுதாக எழாது. வெட்டினால் நடுவில் கொழுக்கட்டை மாவு போல ஈரமான, அடர்ந்த பட்டை தெரியும். அதுவே 28-வது நிமிடத்தில், மேலே நிறம் வந்து, ஓரம் டின்னை விட்டு விலகத் தொடங்கிய பிறகு திறந்தால் ஒன்றும் ஆகாது. டூத்பிக் குத்திப் பார்ப்பதும், டின்னைத் திருப்பி வைப்பதும் அதற்கு மேல்தான். குத்திப் பார்ப்பதென்றால் டின்னைக் கையில் எடுத்து, கதவை மூடிவிட்டுக் குத்துங்கள். திறந்த கதவின் முன் நின்று யோசிக்கும் ஒவ்வொரு நொடியும் சுவர்களையும் குளிரவைக்கிறது.

அதுவரை உள்விளக்கும் கண்ணாடியும் போதும். உள்விளக்கு இல்லாத மாடலில் போன் டார்ச்சைக் கண்ணாடிக்கு நேராகப் பிடியுங்கள். ஃபேன் உள்ள ஓவன் என்றால் திறக்கும்முன் ஃபேனை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அது சூட்டை வெளியே தள்ளும்.

எல்லாப் பண்டத்துக்கும் இவ்வளவு கெடுபிடி வேண்டியதில்லை. வெண்ணெய் அதிகமுள்ள அடர்த்தியான பவுண்டு கேக்கைக் குளிர்ந்த ஓவனிலேயே வைத்துத் தொடங்கும் செய்முறைகள்கூட உண்டு. பப்ஸ் அதற்கு நேர் எதிர். ஓவன் சூடு போதாவிட்டால் அடுக்குகள் பிரியும்முன்பே வெண்ணெய் உருகித் தட்டில் ஓடிவிடும். தட்டில் நெய் தேங்கி, பப்ஸ் தட்டையாகக் கிடந்தால், அடுத்த முறை பதினைந்துக்குப் பதில் இருபது நிமிடம் கூடுதலாகக் காயவிடுங்கள்.